நியூஜெர்சியில் எழுதிய அவதூறுக்குச் சென்னையில் வழக்கு

"வில்லிவாக்கத்தில் கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். நான் சமைத்த தன் தங்கை கல்யாணத்தில் கெட்டுப்போன சாப்பாடு போட்டு ஏமாற்றிவிட்டேன் என்று நியூஜெர்சியில் இருக்கும் ஒருவர் ஃபேஸ்புக்கில் பொய்யாக எழுதி எட்டு மாதம் ஆகிறது. கேஸ் போடணும்னா நான் அமெரிக்கா போகணுமா?"

போக வேண்டாம். சென்னையிலேயே போடலாம். அவதூறு, எழுதியவர் பட்டனைத் தட்டிய இடத்தில் முடிந்துபோகிற தவறு இல்லை. வேறொருவர் அதைப் படிக்கும்போதுதான் அது நிகழ்கிறது. இணையத்துக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி 2002-ல் ஆஸ்திரேலியாவின் ஹைகோர்ட்டுக்கு வந்தது. டவ் ஜோன்ஸ் நிறுவனத்தின் கட்டுரை இருந்த சர்வர் அதே நியூஜெர்சியில்; வழக்குப் போட்ட ஜோசப் கட்னிக் இருந்தது மெல்போர்னில். வாசகர் இறக்கிப் படித்த இடத்தில்தான் வெளியீடு நடக்கிறது, அங்கேயே வழக்குப் போடலாம் என்று தீர்ப்பானது.

நம் ஊரில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-வது பிரிவு, வழக்குக்குக் காரணமான சம்பவங்களின், அதாவது வியாஜ்ய மூலத்தின், ஒரு பகுதியாவது எழுந்த இடத்தில் வழக்குப் போடலாம் என்கிறது. ஆனால் "சென்னையிலும் அந்தப் பக்கம் திறக்கும்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைக்கிற இடம் அதுதான். இங்கே யார் படித்தார், அதனால் இங்கே என்ன நஷ்டம் என்பது நீங்கள் கோர்ட்டில் கொடுக்கும் பிராதில் இருக்க வேண்டும். "கொளத்தூரில் குடியிருக்கும் இன்னார், இந்தத் தேதியில், தன் வீட்டில் வைத்து இந்தப் பதிவைப் படித்தார். மறுநாள் தன் மகள் கல்யாண ஆர்டரை ரத்துசெய்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்." இப்படி ஒரு பாரா, பத்துப் பக்கப் புலம்பலைவிடப் பலமானது. அந்த வாடிக்கையாளர் சாட்சி சொல்ல வருவாரா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

ஆர்டரை ரத்துசெய்து அந்த வாடிக்கையாளர் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். பதிவை முழு முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அதோடு ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

நஷ்ட ஈட்டுத் தொகையைப் பொறுத்து வழக்கு சிட்டி சிவில் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோ போகும். ஹைகோர்ட் என்றால் ஒரு எச்சரிக்கை. அங்கே 20-வது பிரிவு செல்லாது, அந்த ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் தந்த லெட்டர்ஸ் பேட்டன்ட் என்ற சாசனத்தின் 12-வது கூறுதான். பிரதிவாதி வெளியூரில் இருந்து, வியாஜ்ய மூலத்தின் ஒரு பகுதி மட்டும் சென்னையில் எழுந்திருந்தால், வழக்கைப் பதிவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். விட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

காலக்கெடு ஒரு வருஷம், பதிவு வெளியான நாளிலிருந்து. பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதால் தினமும் புதுக் கெடு தொடங்காது என்று 2013-ல் டெல்லி ஹைகோர்ட் சொல்லியிருக்கிறது. பிரதிவாதி இந்தியாவில் இல்லாத நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று காலவரம்புச் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் பதிவை எடுக்கவைக்க ஃபேஸ்புக்கையும் பிரதிவாதியாகச் சேர்க்கப்போகிறீர்கள், எழுதியவர் விஷயத்தில் கிடைக்கும் கழிவை வைத்து அந்த நிறுவனத்துக்கு எதிரான கெடுவை நீட்ட முடியாது. அதனால் மிச்சமுள்ள நாலு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

சரி, ஜெயித்தால் என்ன கிடைக்கும்? இதை யோசிக்காமல் பலர் செலவழிப்பதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். சென்னைத் தீர்ப்பாணையைத் தூக்கிக்கொண்டு நியூஜெர்சியில் பணம் வசூலிப்பது ரொம்பக் கஷ்டம். 2010-ல் அமெரிக்கா இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. தங்கள் பேச்சுரிமைக்கு இணையான பாதுகாப்பைத் தராத நாட்டின் அவதூறுத் தீர்ப்பை, தங்கள் சட்டப்படியும் எழுதியவர் பொறுப்பாகியிருப்பார் என்று காட்டினால் ஒழிய, அங்குள்ள நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது.

பதிவை எடுக்கவைப்பதிலும் எல்லை உண்டு. 2019-ல் டெல்லி ஹைகோர்ட் தனி நீதிபதி ஒருவர், பாபா ராம்தேவ் வழக்கில், இந்தியாவிலிருந்து ஏற்றியதை உலகம் முழுக்க நீக்கவும், வெளிநாட்டிலிருந்து ஏற்றியதை இந்தியாவில் மட்டும் தெரியாமல் மறைக்கவும் உத்தரவிட்டார். அது மேல்முறையீட்டுக்குப் போனது, சென்னையைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. ஆனாலும் உங்கள் வழக்கு அந்த இரண்டாவது வகை என்று வைத்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் இங்கேதானே இருக்கிறார்கள்? இங்கே மறைந்தாலே உங்கள் தொழிலுக்குப் பெரும்பாலும் போதும். இடைக்காலத் தடையுத்தரவைத்தான் முதல் கோரிக்கையாக வைப்பேன்.

பணமும் வேண்டும் என்றால், எழுதியவருக்கு இங்கே சொத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தீர்ப்பாணையை இங்கேயே நிறைவேற்றி ஜப்தி செய்யலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை ஆள் பெயரை வைத்துத் தேட முடியாது, சர்வே எண்ணோ பத்திர எண்ணோ தேவை. அவருடைய தங்கை கல்யாணத்துக்குச் சமைத்தவர் நீங்கள்தான். அந்தக் குடும்பத்தின் வீடு எந்தத் தெருவில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.