ஓடும் வண்டியில் கேம், பறிபோகும் போன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு தினமும் பாசஞ்சர் ரயிலில் போகிறேன். ஜன்னல் கம்பி இருக்கும்போது போனை எப்படிப் பறிக்க முடியும்?

கம்பிக்கு இடையே கை நுழையும், போனும் நுழையும். பறிப்பவர் வண்டி நிற்கும்போது கை வைப்பதில்லை. நின்றிருக்கும் நேரத்தில் எந்த ஜன்னலில் யார் குனிந்து விளையாடுகிறார் என்று நடந்துகொண்டே பார்த்து வைப்பார். வண்டி நகரத் தொடங்கியதும் இழுப்பார். நீங்கள் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் வண்டி வேகமெடுத்துவிடும், அவர் பிளாட்பாரத்திலேயே நின்றுவிடுவார்.

அதனால் கவனம் தேவைப்படுவது பயணம் முழுக்க அல்ல. இரணியல், குழித்துறை போன்ற நிறுத்தங்களில் வேகம் குறைவதிலிருந்து பிளாட்பாரம் முடியும் வரை போன் மடியில் கவிழ்ந்து இருக்கட்டும். மேட்ச் நடுவில் இருந்தால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, போனை ஜன்னல் விளிம்புக்குக் கீழே பிடியுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டினால் வண்டி மெதுவாவதே தெரியாது. பிளாட்பாரப் பக்கக் காதைத் திறந்து வையுங்கள். வாசற்படியில் நின்று விளையாடுவதற்கு மட்டும் பாதுகாப்பான வழி எதுவும் இல்லை.

மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே விளையாடுவேன். போனை இறுக்கிப் பிடித்தால் போதாதா?

போன் தப்பும், பர்ஸ் போய்விடும். போனைக் கிடைமட்டமாகப் பிடித்தால் இரண்டு கையும் மாட்டிக்கொள்கிறது. வளைவிலோ பிரேக்கிலோ நீங்கள் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வீர்கள், அவரும் உங்கள் மேல் சாய்வார். அந்த உரசலில் பின்பாக்கெட்டில் விரல் நுழைவது தெரியாது. நிற்கும்போது ஒரு கையால் ஆடும் கேமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பர்ஸ் முன்பாக்கெட்டில், பை மார்புப் பக்கம். வடசேரியில் ஏறும் நெரிசலில் போனைக் கையிலேயே வைக்க வேண்டாம்.

போன் போனாலும் லாக் இருக்கிறதே, பிறகென்ன பயம்?

கேம் ஓடும்போது லாக் திறந்தே இருக்கிறது. பறிப்பவர் கைக்குப் போவது திறந்த போன். மேலிருந்து திரையை இழுத்து ஏரோபிளேன் மோட் போட்டுவிட்டால் நீங்கள் எங்கிருந்தும் அதைத் தொட முடியாது.

இதற்கு ஒரே செயலியில் போனை நிறுத்தி வைக்கும் App pinning ஆண்ட்ராய்டிலேயே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் தேடி ஆன் செய்து, Pin-ஐ நீக்கும்போது பின் எண் கேட்கும் தேர்வையும் ஆன் செய்யுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவதால் பயனில்லை. கேமைத் திறந்து, அண்மைச் செயலிகள் திரையில் அதன் ஐகானை அழுத்தி Pin கொடுங்கள். இனி கேமை விட்டு வெளியே வர பின் எண் வேண்டும். மேலிருந்து திரையும் இறங்காது. ஐபோனில் இதே வேலையை Guided Access செய்யும். அழைப்புகள் எப்படி வருகின்றன என்று வீட்டிலேயே ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

Theft Detection Lock போட்டிருக்கிறேன். அது போதுமா?

வெடுக்கென்று பிடுங்கி ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதி அது. ஆண்ட்ராய்டு 10 முதல் கிடைக்கிறது. பிடுங்கியவர் சாவகாசமாக நடந்தால் பூட்டாமல் போகலாம். நிலையான வைஃபை, புளூடூத் இணைப்பு இருந்தாலும் அப்படித்தான். புளூடூத் இயர்போனோடு ஆடுபவர்கள் அதை மட்டும் நம்ப வேண்டாம். அதே பக்கத்தில் உள்ள Remote Lock-ஐயும் ஆன் செய்து வையுங்கள், அடுத்த பதிலுக்கு அது தேவை.

இரணியலில் வண்டி கிளம்பும்போது போன் பறிபோனால் முதலில் என்ன செய்வது?

குதிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி android.com/lock திறந்து உங்கள் எண்ணைக் கொடுத்துப் பூட்டுங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் சிம்மைத்தான் முடக்குகிறார்கள். சிம் முடங்கினால் போனுக்கு நெட் போய்விடும், பூட்டும் கட்டளை சேராது. பூட்டியதும் தாமதிக்காமல் சிம்மை முடக்குங்கள்; ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். பூட்ட முடியவில்லையா, காத்திருக்காமல் சிம்முக்குப் போங்கள். அடுத்து வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கூகுள் கணக்கில் நுழைந்து தேடலாம் என்றால், பறிபோன போனுக்கே ஓடிபி போகும் என்பதில் மாட்டிக்கொள்வீர்கள். கூகுள் கணக்கிலிருந்து முன்பே எடுத்த பேக்கப் கோட் எண்களை எழுதிப் பர்ஸில் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பிறகு ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள். குழித்துறை தாண்டி, பாறசாலையில் இறங்கினாலும் புகார் கொடுக்கலாம். சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்ஐஆர் அதற்குத்தான். பெட்டி எண், நிறுத்தம், நேரம், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ நான்கையும் சொல்லுங்கள். *#06# அழுத்தினால் வரும் அந்த எண்ணை இன்றே காகிதத்தில் குறித்து வையுங்கள்.

புகார் நகலோடு ceir.gov.in தளத்தில் ஐஎம்இஐயை முடக்கலாம். அதற்கான ஓடிபி உங்கள் எண்ணில் எடுத்த புது சிம்முக்கு வர வேண்டும். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பதால், அன்றே முயன்று ஓடிபி வரவில்லை என்று பதற வேண்டாம். மறுநாள் செய்யுங்கள்.