பத்து ஏன் பத்தாவே நின்னுச்சு?

அண்ணா, பிஎஸ்டியில ஒவ்வொரு கீக்கும் பதிலா, அதுவும் அதைவிடப் பெரிய கீ எல்லாமும் சேர்ந்த கூட்டலைப் போடணும். ரிவர்ஸ் இன்ஆர்டர்ல போய் கூட்டலை பாராமீட்டரா அனுப்பினேன், விடை தப்பு. குளோபல் வேரியபிளா மாத்தினதும் சரியாயிடுச்சு. அப்படியே விட்டுடலாமா? ரிக்கர்ஷன் இல்லாமலும் செய்யலாமாமே, அதைக் கத்துக்கவா?

தம்பி,

ரிக்கர்ஷன் இல்லாத வழியெல்லாம் அப்புறம், ஒரு ஸ்டாக் வச்சா முடிஞ்சது. சரியாயிடுச்சுன்னு எழுதுனீங்க பாருங்க, அதுதான் என்னைப் பிடிச்சு உட்கார வச்சுடுச்சு. ஏன் தப்பாச்சுன்னு பார்த்தீங்களா? பார்க்கல. பார்க்காம மருந்தை மாத்தினா எப்படி?

மரத்தைப் பேப்பர்ல போடுங்க. உச்சியில 8, அதுக்கு இடது 3, வலது 10. 10-க்கு வலதுல 14, 3-க்குக் கீழ 1-ம் 6-ம். வலது, நடு, இடதுன்னு போனா பெருசுல இருந்து சின்னதுக்கு வரும், அதனால 14 அப்படியே இருக்கும், 10 ஆகும் 24, 8 ஆகும் 32, அப்புறம் 6, 3, 1 முறையே 38, 41, 42. நீங்க முதல்ல எழுதின புரோகிராம்ல 10 பத்தாவே நின்னிருக்கும், 8 எட்டாவே நின்னிருக்கும். ஏன்னா வலது பக்கம் போன ஃபங்ஷன் கால் 14-ஐக் கூட்டுச்சு, ஆனா தன் சொந்தக் காப்பியில கூட்டுச்சு, திரும்பி வர்றப்ப அந்தக் காப்பி அங்கேயே போயிடுச்சு. கீழ கொடுத்தனுப்பினீங்க, திருப்பி வாங்கல. அவ்வளவுதான் தப்பு.

இதுல மோசம் என்னன்னா, எல்லாமே இடது பக்கமா தொங்குற மரத்துல, 3-க்குக் கீழ 2, அதுக்குக் கீழ 1-னு இருந்தா, இதே புரோகிராம் 3, 5, 6-னு சரியான விடை கொடுக்கும்! வலதுல ஆளே இல்லையே, வாங்க வேண்டியதும் இல்ல.

குளோபல் பத்தி எனக்கு ஒரு பழைய வலி இருக்கு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல இப்படித்தான் வச்சேன், முதல் மரம் சரி, ரெண்டாவது மரத்தோட பெரிய கீயே பல மடங்கா வந்து நின்னுச்சு, முதல் மரத்தோட மொத்தக் கூட்டல் வேரியபிள்ல அப்படியே உட்கார்ந்திருந்தது, ராத்திரி முழுக்க மரத்தைக் குறை சொல்லிக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் முன்னாடி பூஜ்ஜியமாக்கினா ஓடும்தான். ஆனா யாராவது ஒருநாள் மறப்பாங்க, அதனால எனக்கு அது வேண்டாம். திருப்பி வாங்குங்க:

```python
def maatru(n, s):
    if n is None:
        return s
    s = maatru(n.right, s) + n.val
    n.val = s
    return maatru(n.left, s)
```

வெறும் கிளைக்கு வந்தா 0 இல்ல, வந்த `s`-ஐயே திருப்பணும், அங்கதான் நிறையப் பேர் வழுக்குறாங்க. 0 திருப்பினா 14-லயே கணக்கு அறுந்துடும்: அதோட இடதுல யாரும் இல்ல, அது 10-க்கு 0-தான் கொடுத்தனுப்பும், 10 மறுபடி பத்தாவே நிக்கும்.