முதல் இரண்டு நிமிடம்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளிபாளையம். கோவையில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. புள்ளியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் ஓர் அறக்கட்டளையில் உதவித்தொகை நேர்காணல். 'முதல் இரண்டு நிமிடம் உங்களைப் பற்றிப் பேசுங்கள், தமிழில் பேசலாம்' என்று போனில் சொன்னார்கள். 'நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தவள், என் பெற்றோர் இரவு பகலாகக் கஷ்டப்பட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். கண் கலங்கினால் நல்லது என்று ஓர் அண்ணன் சொல்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்பா விசைத்தறித் தொழிலாளி, அம்மா தறிக்கு நூல் சுற்றித் தார் போடுகிறார். வருமானச் சான்றிதழில் 72,000. உண்மையில் அதைவிட அதிகம். விண்ணப்பத்திலும் 72,000 என்றே எழுதிவிட்டேன். அவர்களின் வரம்பு இரண்டரை லட்சம். முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் ஓர் அரியர். இதையெல்லாம் சொல்வதா, மறைப்பதா?

செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்பா நெய்யும் துணியின் மீட்டர்க் கணக்கை ஒரு நோட்டில் எழுதுவதால் கணக்கு மட்டும் எனக்குச் சுலபம்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரி. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும். நீங்கள் அனுப்பிய செலவுத் தாளின் பின்பக்கத்தில் அந்த நோட்டைப் பற்றி இன்னும் நான்கு வரி இருக்கிறது: கணக்குப் பார்க்கும் நாளில் இரண்டு முறை மீட்டர் குறைந்திருந்தது, நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் முதலாளி சரிசெய்து கொடுத்தார் என்று. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியவில்லை என்பதால்தான் இந்த நீண்ட பதில்.

நான் ஏழு ஆண்டுகள் ஒரு நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் உள்ளே வரும்போது உங்கள் கோப்பு எங்கள் முன் திறந்திருக்கும். மதிப்பெண், வருமானச் சான்றிதழ், அப்பாவின் தொழில் எல்லாம் அதில் இருக்கும். காலையிலிருந்து பதினைந்து பேர் 'மிகவும் ஏழ்மையான குடும்பத்தில்' என்று தொடங்கியிருப்பார்கள். பதினைந்து பேர் சொன்னதும் உண்மை. ஆனால் 'மிகவும்' என்ற சொல்லை வைத்து ஒருவர் நிலையை இன்னொருவர் நிலையிலிருந்து பிரித்துப் பார்க்க எங்களால் முடியாது. வாரம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு பிடிக்கிறார்கள், எத்தனை வாரம் தறி நிற்கிறது என்று சொன்னால் பார்க்க முடியும். உங்கள் கூச்சம் சரியானது. அண்ணனின் யோசனையை விட்டுவிடுங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும், அதைத் திட்டமிட வேண்டாம்.

இனி 72,000. இந்த எண்ணை நான் எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு நெடுங்காலம் 72,000 ஆகத்தான் இருந்தது, பிறகுதான் 1,20,000 ஆக்கினார்கள். கொத்தனார், ஆட்டோ ஓட்டுநர், தறிக்காரர் என்று யார் வீட்டுச் சான்றிதழை எடுத்தாலும் அதே எண் வந்துகொண்டிருந்தது. குழுவில் இருப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள்.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். நல்ல மதிப்பெண், தெளிவான பேச்சு. 'அப்பாவுக்கு மாதம் ஆறாயிரம்' என்றான். 72,000ஐப் பன்னிரண்டால் வகுத்து வந்த எண் அது. எங்களில் ஒருவர் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். 'மாதத்துக்கா தம்பி? வாடகை எவ்வளவு?' என்று மெதுவாகத்தான் கேட்டார். 'மூவாயிரத்து ஐந்நூறு' என்றான் பையன். மீதி இரண்டாயிரத்து ஐந்நூறில் நான்கு பேர் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அடுத்த கேள்வி. பையன் தரையைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் சொன்ன நல்ல விஷயங்களையும் நாங்கள் சந்தேகத்தோடு கேட்டோம். உண்மையான வருமானத்தைச் சொல்லியிருந்தாலும் அவன் வரம்புக்குள்தான் இருந்தான். அவன் அந்த அறையை விட்டுப் போன விதம் இன்றும் எனக்கு வேதனை தருகிறது.

உங்கள் தாளில் உள்ளபடியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு வாரம் 3,200, அம்மாவுக்கு 1,000. வருடத்தில் ஏழு வாரம் பாவு இல்லாமல் தறி நிற்கிறது. மிச்சம் 45 வாரம், 4,200 வீதம் 1,89,000. முன்பணத்துக்காக வாரம் பிடிக்கும் 500ஐ வருமானத்திலிருந்து கழித்துச் சொல்லாதீர்கள். வருமானத்தை முழுதாகச் சொல்லி, பிடித்தத்தைத் தனியாகச் சொல்லுங்கள். இரண்டரை லட்சத்துக்குள் நீங்கள் தாராளமாக இருக்கிறீர்கள். உண்மையைச் சொல்வதால் உங்கள் தகுதி போகாது.

ஆனால் நேர்காணல் வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தில் எழுதியது தவறு என்பதை நாளைக்கே அரைப்பக்கக் கடிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இ-சேவை மையத்தில் சரியான வருமானத்தோடு புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அந்த ஒப்புகைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

அரியரையும் நீங்களாகவே சொல்லுங்கள். அவர்கள் மதிப்பெண் பட்டியலில் விரல் வைத்துக் கேட்ட பிறகு சொல்வது வேறு, கேட்கும் முன் சொல்வது வேறு. எத்தனை தாள், ஏன் போனது, எப்போது மறுபடி எழுதுகிறீர்கள் என்ற மூன்றும் இருந்தால் போதும். ஆசிரியர் சரியில்லை, விடுதியில் சத்தம் என்று அடுக்க வேண்டாம்.

இனிப் பேச்சு. உங்கள் விவரங்களை வைத்தே எழுதிப் பார்த்திருக்கிறேன். அரியருக்கு நான் எழுதிய காரணம் என் ஊகம், அந்த இடத்தில் உங்கள் காரணத்தைப் போடுங்கள்.

"வணக்கம். பள்ளிபாளையத்திலிருந்து வருகிறேன். அப்பா விசைத்தறியில் வேலை செய்கிறார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவர் ஓட்டும் மீட்டரை நான் நோட்டில் எழுதி வருகிறேன். இரண்டு முறை கணக்கில் மீட்டர் குறைந்தது. நோட்டைக் காட்டினோம், முதலாளி சரிசெய்து கொடுத்தார். எழுதி வைத்த எண் பேசும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அரசுக் கல்லூரியில் கணிதம் கிடைத்தும், புள்ளியியல்தான் வேண்டும் என்று கோவைக்கு வந்தேன்.

அப்பாவுக்கு வேலை இருக்கிற வாரம் 3,200 ரூபாய் வரும். அதில் 500 முன்பணத்துக்குப் பிடிப்பார்கள். அம்மா தார் போட்டு வாரம் ஆயிரம் சம்பாதிக்கிறார். வருடத்தில் ஏழு வாரம் தறி ஓடாது. விண்ணப்பத்தில் 72,000 என்று எழுதியது தவறு. உண்மையான வருமானம் ஏறத்தாழ 1,89,000. திருத்தக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

கட்டணம், விடுதி, புத்தகம், பஸ் எல்லாம் சேர்த்து எனக்கு வருடம் 75,000 ஆகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் 12,000 வருகிறது. வீட்டில் 18,000 தர முடியும். கோடையில் டியூஷன் எடுத்து 5,000 சேர்ப்பேன். மீதி 40,000க்கு வழியில்லை. அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் ஓர் அரியர் வைத்திருக்கிறேன். பாடம் புரிந்தது, சொந்தமாக எழுத வரவில்லை. இப்போது தினமும் ஒரு பக்கம் எழுதி ஆசிரியரிடம் காட்டுகிறேன். அடுத்த தேர்வில் மறுபடி எழுதுகிறேன். இவ்வளவுதான். நீங்கள் கேளுங்கள்."

போனில் கடிகாரம் வைத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள், இரண்டு நிமிடத்தை ஒட்டி வரும். 'ஏழை', 'கஷ்டம்', 'தியாகம்' என்ற சொற்கள் இதில் இல்லை. ஆனாலும் அந்த வீட்டின் நிலை கேட்பவருக்கு முழுமையாகத் தெரிகிறது. புதுமைப் பெண் பணத்தை மறைக்காமல் சொன்னதால் 40,000 என்ற எண்ணை யாரும் பேரம் பேச மாட்டார்கள். 'உங்களால் முடிந்த உதவி' என்று கேட்டிருந்தால், எவ்வளவு கொடுத்தால் உங்கள் வருடம் ஓடும் என்று அவர்கள் ஊகிக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பேச்சு இரண்டு கேள்விகளை இழுக்கும். ஒன்று, செலவு குறைவாக அரசுக் கல்லூரி இருக்கும்போது ஏன் கோவை என்பது. இதில் தற்காப்பு வேண்டாம். முதல் செமஸ்டரில் படித்த புள்ளியியல் பாடம் ஒன்றை எடுத்து, அதை அப்பாவின் நோட்டில் எப்படிப் பொருத்திப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். சராசரி மட்டும் பார்த்தால் தறி நின்ற வாரங்கள் மறைந்துபோகும், பரவலையும் பார்த்தால்தான் வீட்டுச் செலவு ஏன் இடிக்கிறது என்று தெரியும் என்பது போல ஒன்று. இன்னும் பொருத்திப் பார்க்கவில்லை என்றால் இந்த ஞாயிறு உட்கார்ந்து செய்யுங்கள். செய்யாததைச் செய்ததாகச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, முன்பணம் எவ்வளவு என்பது. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அது உங்கள் அப்பாவின் கடன். முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாமல் இருப்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முன்பின் தெரியாத நான்கு பேர் முன்னால் மகள் அதைச் சொல்லலாமா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பேச்சை அவர் முன்னால் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். அந்த வரி வேண்டாம் என்று அவர் முகம் சொன்னால் எடுத்துவிடுங்கள். குழுவினர் கேட்டால் மட்டும், 'வீட்டில் ஒரு கடன் இருக்கிறது, அதைப் பற்றி விரிவாகப் பேச அப்பா விரும்பவில்லை' என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். அதை மதிக்காத குழுவை நான் பார்த்ததில்லை.

மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் மூன்று வாக்கியமும் எண்களும் மட்டும் நாக்கில் நிற்கட்டும். நடுவில் மறந்தால் நோட்டு, வருமானம், செலவு, அரியர் என்ற நான்கையும் வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள், பேச்சு திரும்பி வந்துவிடும்.

அந்த மீட்டர் நோட்டைப் பையில் எடுத்துப் போங்கள். பழைய ஒன்பதாம் வகுப்பு நோட்டே இருந்தால் இன்னும் நல்லது. நீங்களாக மேசையில் எடுத்து வைக்க வேண்டாம். யாராவது ஒருவர், 'அந்த நோட்டு இப்போதும் இருக்கிறதா?' என்று கேட்பார். அப்போது எடுத்து, மீட்டர் குறைந்த அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள்.