மணப்பெண் போட்டோஷூட்: குறைந்த செலவில்

"பெங்களூருவில் புதிதாக பிரைடல் மேக்கப் தொடங்கியிருக்கிறேன். காட்ட படங்களே இல்லை. போட்டோகிராஃபர், மாடல் இருவருக்கும் பணம் கொடுக்க வசதியில்லை. என்ன செய்யலாம்?"

கல்யாண டீமில் இரண்டாவது கேமரா பிடிப்பவரைத் தேடுங்கள் தோழி. அவருக்கும் சொந்தப் பெயரில் மணப்பெண் படங்கள் தேவை. ஆடியிலோ மார்கழியிலோ கேட்டால் ஓய்வாக இருப்பார். மாடலாக வருபவருக்கும் படங்கள்தான் கூலி. எத்தனை படம், எந்தத் தேதிக்குள், யார் எங்கே போடலாம் என்பதை மூவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் முன்பே எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஒரே மாடலுக்கு ஒரே காலையில் இரண்டு அலங்காரம் செய்யலாம். முதலில் முகூர்த்தம்: மெல்லிய மேக்கப், ஜடை, கே.ஆர். மார்க்கெட் மல்லிகை, வாடகை டெம்பிள் நகை. பிறகு அதே பேஸின் மேல் கண்ணை அழுத்தி, லிப்ஸ்டிக்கை மாற்றினால் ரிசப்ஷன். வரிசையை மாற்றினால் முகத்தைக் கழுவி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஸ்டுடியோ வாடகை தேவையில்லை, பெரிய ஜன்னல் உள்ள வீடு போதும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஃபவுண்டேஷன் நிறமே தப்பாகத் தெரியும். பவுடர் போட்டதும் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்தப் பவுடரைத் துடைத்துவிட்டு வேறு போடுங்கள்.

முக்கியமாக, தோலை வழவழப்பாக்காத குளோஸ்அப் சில கேட்டு வாங்குங்கள். எடிட்டிங்கில் மழுங்கிய முகத்தில் உங்கள் கைவேலை எது என்று மணப்பெண்ணுக்குத் தெரியாது.