இரவு வாரத்தின் விடுப்பு நாளில் தூக்கம்

"கும்பகோணத்தில் செவிலியர் நான். இரவு, மாலை, காலை என வாரந்தோறும் ஷிப்ட் மாறுகிறது. இரவு வாரத்தின் நடுவே வரும் விடுப்பில் எப்போது தூங்குவது?"

சகோதரி, அன்று இரவு பத்து மணிக்கே படுத்துவிடாமல், அதிகாலை 4 மணிக்குப் படுத்து நண்பகல் 12 வரை தூங்குங்கள். பணி முடிந்து வரும் மற்ற நாள்களில் காலை 8 முதல் பிற்பகல் 2 வரை தூங்கினால், 8 முதல் 12 வரையிலான நான்கு மணி நேரம் எல்லா நாளும் பொதுவாகி, உடற்கடிகாரத்தை நங்கூரம்போல் பிடித்து நிறுத்தும். (அறுவடை இயந்திரங்கள் தெருவில் போகும் மாதங்களில் காதுக்குப் பஞ்சும் தேவைப்படும்.)

காலை வாரத்தில் இந்த நங்கூரம் செல்லாது. பெரும்பாலோரின் உடற்கடிகாரச் சுற்று 24 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டுவதால், தூக்கத்தை முன்னிழுப்பதைவிடத் தள்ளிப்போடுவது எளிது. ஆகவே, தூக்கத்தை வாரந்தோறும் முன்னிழுக்கும் இப்போதைய வரிசையைக் காலை, மாலை, இரவு என மாற்றித் தருமாறு கண்காணிப்பாளரிடம் கேளுங்கள்.