கலப்பான ஊரில் கழகத்துக்குப் பெயர் வைக்கும்போது

கேள்வி: எங்கள் ஊரில் சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள் என்று எல்லாரும் இருக்கிறோம். புதிதாக ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்குகிறோம். யார் மனமும் நோகாமல் பெயர் வைப்பது எப்படி?

பெயரைக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யாதீர்கள். நோகிற ஆள் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். நான் முல்லைத்தீவுப் பக்கத்து ஊர் ஒன்றில் கழகச் செயலாளராக இருந்தபோது இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பெடியள் முதலில் கேட்ட பெயர் 'பசுந்தோட்டம்'. ஊரைச் சுற்றி மிளகாயும் கத்தரியும் செழித்துக் கிடந்தன, எல்லாருக்கும் பிடித்தது, ஒருவரும் மறுக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய ஓர் அம்மாவின் வீட்டுக்கு வேறு அலுவலாகப் போயிருந்தேன். பெயரைச் சொன்னதும் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வேற பேரு வைங்கப்பா. எம் பேரப்புள்ளய பள்ளிக்கூடத்துல தோட்டக்காட்டான்னுதான் கூப்புடுறாங்க." யாழ்ப்பாணத்து வழி வந்த எங்களுக்குத் தோட்டம் என்றால் காய்கறி நிலம். அவருக்கோ அது வசைச்சொல்லின் முதற்பாதி. அவருடைய மகன் முதல் நாள் கூட்டத்தில் எனக்குப் பக்கத்திலேயே இருந்தவன், ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு வழியை மாற்றினோம். ஒவ்வொரு தரப்பிலும் இரண்டு வீட்டுக்கு ஆளை அனுப்பினோம், பெரியவர்களையும் பெண்களையும் கேட்கச் சொல்லி. "இந்தப் பெயர் சரியா?" என்று கேட்டால் "ஓம், நல்லது" என்றுதான் பதில் வரும். "இந்தப் பெயரைக் கேட்டதும் என்ன ஞாபகம் வருகுது?" என்று கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

அப்படிக் கேட்டதில் 'வேலவன்' போனது. பெயரோடு மட்டும் நிற்பதென்றால் முஸ்லிம் குடும்பங்கள் பொறுத்துக்கொண்டிருக்கும். ஆனால் பெயர் எப்போதும் ஒரு படத்தைக் கூட்டிக்கொண்டு வரும். அயல் ஊர்க் கழகத்தின் பெனியனில் வேல் அச்சிட்டிருந்தார்கள். அங்கே விளையாடிய ஒரு முஸ்லிம் பெடியன் மேலே இன்னொரு வெறும் ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் இலச்சினையாக என்ன வரும் என்பதையும் பெயரோடு சேர்த்தே யோசியுங்கள்.

அரசியல்தான் பெரிய சிக்கல், ஏனென்றால் சாதாரணச் சொல்லெல்லாம் சின்னமாகிவிடுகிறது. உதயசூரியன் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னம், வீடு தமிழரசுக் கட்சி, வீணை ஈ.பி.டி.பி., சைக்கிள் தமிழ்க் காங்கிரஸ். 2024 வரை சங்கு வெறும் சங்காக இருந்தது. அந்த வருட ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அந்தச் சின்னத்தில் நின்ற பிறகு, 'சங்கொலி' என்று முன்பே பெயர் வைத்தவர்களைக்கூட 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று கேட்பார்கள். கையால் பிடிக்கக்கூடிய, ஒற்றைப் படமாக வரையக்கூடிய பொருட்களைத் தவிர்த்தால் இந்த ஆபத்து குறையும்.

'வேங்கை' என்றும் ஒரு பெயர் வந்தது. அது மரத்தின் பெயரும்தான் என்று பெடியள் வாதாடினார்கள். உண்மைதான், ஆனால் மைதானத்தில் கேட்கிறவர் மரத்தை நினைக்க மாட்டார். எங்கள் ஊரில் பிள்ளையைப் போராட்டத்தில் இழந்து விளக்கேற்றுகிற வீடும் இருக்கிறது, 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டுப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் வீடும் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு அஞ்சலியாக இருக்கும் சொல் மற்ற வீட்டுக்குப் பழைய காயம். இரண்டு வலியும் உண்மையானவை. கழகத்தின் பெயரில் அவற்றை மோதவிடக் கூடாது என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாதி கொஞ்சம் மறைவாக வரும். ஒருவர் தன் பூர்வீக யாழ்ப்பாணக் குறிச்சியின் பெயரைக் கொடுத்தார். தெரிந்தவர்களுக்கு அந்தக் குறிச்சிப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். காசு தருகிறவரின் தாத்தாவின் பட்டப்பெயரும் அதே மாதிரித்தான்.

கடைசியில் மரத்துக்கே வந்தோம். 'பாலையடி' நன்றாக இருந்தது, ஆனால் அந்தப் பாலைமரத்தடியில் வைரவர் சூலம் இருக்கிறது, ஆகவே அதுவும் கோயில் பெயர். குளத்தின் பெயரை வைக்கலாம் என்றார்கள். மணலாறு என்ற தமிழ்ப் பெயர் சிங்களத்தில் வெலிஓயாவான பிறகு, இந்தப் பக்கத்தில் நீர்நிலைப் பெயர்களும் இலேசான விஷயமில்லை.

'முதிரை' என்று ஒருவர் சொன்னார். எந்தச் சமயத்து வீடானாலும் எங்கள் பக்கத்துப் பழைய கதவும் நிலையும் முதிரைதான். மறுபடி அதே வீடுகளுக்குப் போய்க் கேட்டோம். அந்த அம்மா, "எங்க வீட்டுக் கதவும் அதுதானே" என்றார். எதிரணி எப்படித் திரித்துக் கூப்பிடும் என்று பெடியளையே கத்திப் பார்க்கச் சொன்னோம், 'முதிராத பெடியள்' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிவுப் படிவத்தைக் கொடுத்தோம்.