சரக்கை எண்ணுபவர் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நிறுவனத்தில் கொள்முதல் துறையையும் ஸ்டோர்ஸையும் ஒன்றாக்கி என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். கொள்முதல்காரர்களுக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும். ஸ்டோர்ஸில் வாய்ப்பேச்சுதான், காலையில் ரேக்குகள் முன் நின்று பத்து நிமிடம் பேசினால் அன்றைய வேலை முடிவாகிவிடும். இரு தரப்பின் நல்ல பழக்கங்களும் போய்விடக்கூடாது. அவரவர் பழக்கங்களைப் பட்டியலிடச் சொல்லியிருக்கிறேன். சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் வரட்டும். ஆனால் இருப்பதிலேயே நல்ல பழக்கம் அதில் இருக்காது. ஆர்டர் போடுபவர் ஒருவர், வந்த சரக்கை எண்ணி வாங்குபவர் வேறொருவர். துறைகள் தனித்தனியாக இருந்ததால் தானாகவே நடந்தது இது. யாரும் இதை ஒரு பழக்கமாகவே நினைத்திருக்க மாட்டார்கள்.

500 பேரிங்குக்கு ஆர்டர், வந்தது 480 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோர்கீப்பர் ஆர்டரைப் பார்க்காமல் எண்ணி, சரக்கு வரவுச் சீட்டில் 480 என்று எழுதுவார். ஆர்டர், வரவுச் சீட்டு, இன்வாய்ஸ் மூன்றையும் கணக்குப் பிரிவு ஒப்பிடும்போது 20 குறைவது தெரிந்து பணம் நிற்கும். இனி இருவரும் ஒரே அறை. “எத்தனை வரணும்?” “ஐந்நூறு.” பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு 500 என்றே எழுதுவார். இதில் யாரும் திருடவில்லை. மூன்று காகிதங்களும் அழகாக ஒத்துப்போகும், பணமும் போய்விடும். ஆண்டிறுதியில் இருப்பு எடுக்கும்போது 20 இடிக்கும். அப்போது சப்ளையரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஆகவே எண்ணுபவர் கையில் இருக்கும் சீட்டில் பொருளின் பெயர் மட்டும் இருக்கட்டும், ஆர்டர் அளவு வேண்டாம். நேரம் பிடிக்கிறது என்று முணுமுணுப்பார்கள். ஆணி, வாஷர் போன்றவற்றுக்கு எடைபோட்டுப் பார்த்தால் போதும். விலை கூடியதை எண்ணியே ஆகவேண்டும். கடந்த ஆறு மாத வரவுச் சீட்டுகளில் எத்தனையில் ‘குறைவு’, ‘சேதம்’ என்று இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவையுங்கள். இணைப்புக்குப் பின் அது சட்டென்று பூஜ்யமானால் சப்ளையர்கள் திருந்திவிட்டார்கள் என்று மகிழ வேண்டாம்.

காலைப் பேச்சை மீட்டிங் அறைக்கு மாற்றிவிடாதீர்கள். கொள்முதல்காரர்கள் ரேக் முன்னால் வரட்டும். கம்ப்யூட்டரில் இருப்பு 40 என்று காட்டும் பொருளில் பாதி துருப்பிடித்துக் கிடப்பது அங்கே நின்றால்தான் தெரியும். எழுத்து வேண்டிய இடம் வேறு: இந்த சப்ளையரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற காரணம் கட்டாயம் எழுத்தில் இருக்கவேண்டும்.

இரண்டு பழக்கமும் மோதுவது, இரவில் மெஷின் நின்று அவசரமாகப் பாகம் கேட்கும்போது. வாய்வார்த்தைக்கே கொடுக்கட்டும்; மறுநாள் காலைப் பேச்சில் முதல் வேலையாகப் பதியட்டும். படிவம் வந்தால்தான் பொருள் என்று அடம்பிடித்தால், வாரக் கடைசியில் ஒரே பேனாவில் மொத்தமாக நிரப்பிய படிவங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

ஸ்டோர்கீப்பர் லீவு போட்ட அன்று, ஆர்டர் போட்டவரே எண்ணி வாங்கிக்கொள்ளட்டுமே என்பார்கள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை வரச் சொல்லுங்கள். அவரும் இல்லையென்றால், பெட்டிகளின் எண்ணிக்கைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு, பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடுங்கள்.